இயந்திரம் வாங்கும் கணக்கில் தேய்மானத்தை எங்கே வைப்பது?

கேள்வி: இப்போது வெளியே கொடுத்து வாங்கும் வேலையை நாங்களே செய்துகொள்ள ஓர் இயந்திரம் வாங்க நினைக்கிறோம். நிறுவி ஓடவிடும்வரை மொத்தம் 12 லட்சம் ஆகும். மின்சாரம், ஆள் கூலி, பராமரிப்பு எல்லாம் போக வருஷத்துக்கு 3.6 லட்சம் மிச்சமாகும். 5 வருஷம் ஓட்டிவிட்டு 1.5 லட்சத்துக்கு விற்கலாம். வரி 25 சதவீதம், தள்ளுபடி விகிதம் 12 சதவீதம். தேய்மானமும் வரியும் கழித்த லாபத்தை வைத்து நான் போட்டால் நிகர தற்போதைய மதிப்பு 8 லட்சம் மைனஸில் நிற்கிறது. இயந்திரம் விற்பவர் கொடுத்த தாளில் 7 லட்சம் பிளஸ். யார் கணக்கு சரி? வங்கிக் கடன் வட்டியை எந்த இடத்தில் கழிப்பது?

பதில்: இரண்டுமே சரியில்லை. நீங்கள் கொடுத்த எண்களை அப்படியே வைத்து, தேய்மானத்தை நேர்கோட்டு முறையில் போட்டால் விடை சுமார் 53,000 பிளஸ். வட்டியை எந்த இடத்திலும் கழிக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் கணக்கும் விற்பவர் கணக்கும் சறுக்கிய இடம் ஒன்றேதான், தேய்மானம். நீங்கள் ஒரு பக்கம் சறுக்கியிருக்கிறீர்கள், அவர் மறுபக்கம்.

முதலில் ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தால் 3,60,000 மிச்சம். 12 லட்சத்தை 5 வருஷத்துக்குச் சமமாகப் பிரித்தால் வருஷத் தேய்மானம் 2,40,000. வரி அலுவலகம் பார்க்கும் லாபம் இவற்றின் வித்தியாசமான 1,20,000. அதற்கு 25 சதவீதம் வரி 30,000. இப்போது பணப்பெட்டியைப் பாருங்கள். உள்ளே வந்தது 3,60,000, வெளியே போனது வரி 30,000 மட்டும். தேய்மானம் என்று சொல்லி யாருக்கும் அந்த வருஷம் பணம் கொடுக்கவில்லை. ஆக, கையில் நிற்பது 3,30,000. தள்ளுபடி செய்ய வேண்டிய தொகை இதுதான்.

நீங்கள் 1,20,000 லாபத்தில் வரி போக மிஞ்சும் 90,000-ஐ எடுத்திருக்கிறீர்கள். அதை ஐந்து வருஷத்துக்கும் தள்ளுபடி செய்து, வரி போன விற்பனைத் தொகையையும் சேர்த்து, பிறகு 12 லட்சத்தைக் கழித்தால் 8,11,735 மைனஸ் வரும். உங்கள் விடை இதுவாகத்தான் இருக்க வேண்டும். இதில் இயந்திரத்தின் விலை இரண்டு தடவை கழிந்துவிட்டது. தொடக்கத்தில் 12 லட்சமாக ஒரு தடவை, தேய்மானம் என்ற பெயரில் துண்டு துண்டாக இன்னொரு தடவை. கணக்கேட்டில் லாபம் காட்ட தேய்மானம் கழிப்பது முறைதான். ஆனால் நிகர தற்போதைய மதிப்பு லாபத்தைக் கேட்பதில்லை. பணம் எந்தத் தேதியில் கைமாறுகிறது என்று மட்டுமே கேட்கிறது.

விற்பவர் தாளில் நடந்தது வேறு. மிச்சத்துக்கு வரி போட்டால் 2,70,000. அதோடு தேய்மானம் 2,40,000-ஐ முழுசாக வரவு என்று கூட்டி, வருஷத்துக்கு 5,10,000 என்று போட்டிருப்பார். அப்படிப் போட்டு விற்பனைத் தொகையையும் சேர்த்தால் 7 லட்சத்துக்குச் சற்று மேல் பிளஸ் வரும். ‘தேய்மானத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும்’ என்ற விதியை எங்கோ படித்துவிட்டுத் தப்பான இடத்தில் போட்டதன் விளைவு இது. தேய்மானத்தைக் கழித்து வந்த லாபத்தோடுதான் அதைத் திரும்பக் கூட்ட வேண்டும்: 90,000 கூட்டல் 2,40,000, சரியாக 3,30,000. தேய்மானத்தைக் கழிக்காமலே வரி போட்ட தொகையோடு கூட்டுவதென்றால் தேய்மானத்தால் மிச்சமாகும் வரியை மட்டுமே கூட்டலாம். 2,40,000-இல் 25 சதவீதம், அதாவது 60,000. 2,70,000 கூட்டல் 60,000, அதே 3,30,000. எந்த வழியில் போனாலும் ஒரே எண் வர வேண்டும். வரவில்லை என்றால் இந்த இரண்டு தவறுகளில் ஒன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். வரி போக மிச்சம் ஒரு வரிசை, தேய்மான வரிச் சேமிப்பு இன்னொரு வரிசை என்று தனித்தனியாக எழுதினால், எது எவ்வளவு தாங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தேய்மான முறையை மாற்றிப் பார்க்கும்போதும் ஒரு வரிசையை மட்டும் திருத்தினால் போதும்.

12 சதவீதத்துக்கு ஒன்று முதல் ஐந்து வருஷம் வரை தள்ளுபடிக் காரணிகள் 0.8929, 0.7972, 0.7118, 0.6355, 0.5674. ஐந்தையும் கூட்டினால் 3.6048. வருஷா வருஷம் ஒரே தொகை வந்தால் இந்தக் கூட்டுத்தொகையால் ஒரேயடியாகப் பெருக்கிவிடலாம். வரி போக மிச்சம் 2,70,000 × 3.6048 = 9,73,296. தேய்மான வரிச் சேமிப்பு 60,000 × 3.6048 = 2,16,288.

அடுத்தது கடைசியில் விற்கும் 1.5 லட்சம். நேர்கோட்டு முறையில் 12 லட்சத்தையும் தேய்த்து முடித்ததால் 5-ஆம் வருஷ இறுதியில் ஏட்டு மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தில் இருக்கும் பொருளை 1,50,000-க்கு விற்றால் அவ்வளவும் லாபம். அதற்கு 37,500 வரி. நிகரம் 1,12,500, காரணி 0.5674-ஆல் பெருக்கினால் 63,833. இந்த வரியை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். விற்ற பணம் முழுசாகக் கைக்கு வரும் என்று எழுதிவிடுவார்கள்.

மூன்றையும் கூட்டினால் 12,53,417. அதிலிருந்து இன்று கொடுக்கும் 12,00,000-ஐக் கழித்தால் 53,417 பிளஸ். தேய்மான வரிச் சேமிப்பு என்ற 2,16,288 இல்லாமல் போயிருந்தால் இதே திட்டம் 1,62,871 மைனஸில் இருந்திருக்கும். உங்கள் முடிவை இந்த ஒரு வரிசைதான் தாங்கி நிற்கிறது. அதனால் அதை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது நல்லது.

இங்கே பயன்படுத்த வேண்டியது வரிச் சட்டம் அனுமதிக்கும் தேய்மானம். உங்கள் கணக்கேட்டில் நீங்கள் எழுதிக்கொள்ளும் தேய்மானம் வரியைக் குறைக்காது என்றால் அதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. சில சட்டங்கள் நேர்கோட்டு முறையைத் தரும், சில குறைந்துசெல் மதிப்பு முறையைத் தரும். இரண்டாவதில் ஒவ்வொரு வருஷமும் மிச்சமிருக்கும் மதிப்பின் மீது ஒரே சதவீதம் கழியும். உங்கள் இயந்திரத்துக்கு 40 சதவீதம் என்று வைத்துப் பார்ப்போம். விற்கும் வருஷத்தில் வழக்கமான தேய்மானம் கிடையாது, ஏட்டு மதிப்புக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம் என்றும் எடுத்துக்கொள்வோம்.

| வருஷம் | தொடக்க மதிப்பு | கழிவு | வரிச் சேமிப்பு | தற்போதைய மதிப்பு |
|---|---|---|---|---|
| 1 | 12,00,000 | 4,80,000 | 1,20,000 | 1,07,148 |
| 2 | 7,20,000 | 2,88,000 | 72,000 | 57,398 |
| 3 | 4,32,000 | 1,72,800 | 43,200 | 30,750 |
| 4 | 2,59,200 | 1,03,680 | 25,920 | 16,472 |
| 5 | 1,55,520 | 5,520 | 1,380 | 783 |

ஐந்தாம் வருஷத்தின் 5,520 எங்கிருந்து வந்தது என்றால், ஏட்டில் 1,55,520 இருக்கும் பொருள் 1,50,000-க்குப் போகிறது. அந்தச் சின்ன நஷ்டம்தான் அது. விற்ற பணத்துக்கு இங்கே வரி இல்லை, அதனால் 1,50,000 முழுசாக வரவு. தற்போதைய மதிப்பு 85,110. வரிச் சேமிப்புகளின் கூட்டுத்தொகை 2,12,551. இரண்டும் சேர்ந்து 2,97,661. நேர்கோட்டு முறையில் இதே இரண்டும் சேர்ந்து 2,80,121 இருந்தது. வித்தியாசம் 17,540, நிகர தற்போதைய மதிப்பு 70,957 ஆக ஏறுகிறது.

தள்ளுபடி செய்யாமல் வரிச் சேமிப்பை மட்டும் கூட்டிப் பாருங்கள். குறைந்துசெல் முறையில் 2,62,500. நேர்கோட்டு முறையில் ஐந்து தடவை 60,000, அதில் விற்பனை மீதான வரி 37,500 போனால் அதே 2,62,500. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள 10.5 லட்சம் வித்தியாசத்தில் 25 சதவீதம்தான் இது. எந்த முறையிலும் மொத்தம் மாறாது. எப்போது கிடைக்கிறது என்பது மட்டுமே மாறுகிறது. ஆரம்ப வருஷங்களில் அதிகம் கிடைத்ததன் விலைதான் அந்த 17,540. கணக்கு முடித்ததும் இந்தக் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தள்ளுபடிக்கு முந்தைய மொத்தம், விலை வித்தியாசத்தை வரி விகிதத்தால் பெருக்கிய தொகைக்குச் சமமாக வரவில்லை என்றால் ஏதோ ஒரு வருஷத் தேய்மானம் தவறிப் போயிருக்கிறது, அல்லது விற்பனை வரி இரண்டு தடவை ஏறியிருக்கிறது.

ஒரு விலக்கு உண்டு. ஒரே விகிதத்தில் தேயும் இயந்திரங்களை எல்லாம் ஒரு தொகுப்பாக வைத்து, தொகுப்பின் மதிப்பின் மீது தேய்மானம் தரும் சட்டங்கள் இருக்கின்றன. அங்கே ஓர் இயந்திரத்தை விற்றால் லாபமோ நஷ்டமோ உடனே எழாது. விற்ற பணம் தொகுப்பிலிருந்து கழியும், வரி விளைவு பின்வரும் வருஷங்களில் சிறுகச் சிறுக வரும். உங்களுக்கு அந்த முறை பொருந்துமானால் மேலே உள்ள சரிபார்ப்பு 5 வருஷத்துக்குள் முழுசாகப் பொருந்தாது.

இன்னொரு விஷயமும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது. வரிச் சேமிப்பு என்றால் கட்ட வேண்டிய வரி குறைவது. வரியே கட்ட வேண்டாத வருஷத்தில் குறைய எதுவும் இல்லை. அட்டவணையின் முதல் வருஷத்தைப் பாருங்கள். இயந்திரத்தின் மிச்சம் 3,60,000, கழிவு 4,80,000. கழிவு 1,20,000 கூடுதல். உங்கள் மற்ற வேலைகளில் குறைந்தது அவ்வளவு லாபம் இருந்தால்தான் முதல் வருஷமே 1,20,000 வரிச் சேமிப்பும் கிடைக்கும். மற்ற வேலைகளில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்த 1,20,000 நஷ்டமாக அடுத்த வருஷத்துக்குப் போகும். இரண்டாம் வருஷம் 3,60,000-இல் 2,88,000 போக 72,000 மட்டுமே மிஞ்சுகிறது, அதை ஈடுகட்டும். மீதி 48,000 மூன்றாம் வருஷம் தீரும். சேமிப்பில் 18,000 ஒரு வருஷமும் 12,000 இரண்டு வருஷமும் தள்ளிப்போகிறது. இதனால் மதிப்பு சுமார் 3,900 குறையும். இங்கே தொகை சின்னது. ஆனால் பழைய நஷ்டங்கள் நிறையத் தூக்கிக்கொண்டு வரும் நிறுவனத்துக்குக் கதை வேறு. அங்கே மிச்சத்தின் மீதான வரியும் தேய்மானச் சேமிப்பும் சேர்ந்தே பல வருஷம் தள்ளிப்போகும். ஒரே விகிதத்தால் பெருக்கும் குறுக்குவழி செல்லாது. வருஷா வருஷம் நிறுவனம் உண்மையில் கட்டப்போகும் வரியை, இயந்திரம் இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று இரண்டு தடவை போட்டு வித்தியாசத்தை எடுக்க வேண்டும்.

இனி வட்டி. 12 சதவீதத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாதிப் பணம் 10 சதவீத வட்டிக் கடன், பாதி உங்கள் சொந்தப் பணம், அதற்கு நீங்கள் எதிர்பார்ப்பது 16.5 சதவீதம் என்று வையுங்கள். வட்டிக்கும் வரிக்கழிவு உண்டு என்பதால் கடனின் உண்மைச் செலவு 7.5 சதவீதம். 7.5, 16.5 இரண்டின் சராசரி 12. அதாவது கடன் வட்டியும் அதன் வரிச் சலுகையும் ஏற்கெனவே விகிதத்துக்குள் இருக்கின்றன. வருஷ வரவிலிருந்து வட்டியை மறுபடியும் கழித்தால், தேய்மானத்தில் செய்த அதே இரட்டைக் கழிவைத்தான் வட்டியிலும் செய்வீர்கள். அசல் தவணைக்கும் இது பொருந்தும். தவணை கட்டப் பணம் கையில் இருக்குமா என்பது அவசியமான கேள்விதான். அதற்கு மாதவாரியாகத் தனித்தாள் போடுங்கள், இந்தத் தாளில் கலக்காதீர்கள்.

வரவுகள் வரி போக இருந்தால் விகிதமும் வரி போக இருக்க வேண்டும். வங்கி சொல்லும் வட்டியை அப்படியே விகிதமாக எடுப்பவர்கள் வரிச் சலுகையையும் விட்டுவிடுகிறார்கள், சொந்தப் பணத்தின் எதிர்பார்ப்பையும் விட்டுவிடுகிறார்கள்.

எக்செல்லில் போடுவதாக இருந்தால் ஒரு பொறி இருக்கிறது. NPV என்ற சார்பு, தனக்குக் கொடுக்கும் முதல் எண்ணை இன்றைய பணமாகப் பார்ப்பதில்லை. முதல் வருஷ இறுதியில் வரும் பணம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் தொடக்கச் செலவை அடைப்புக்குள் போடக் கூடாது. B7-இல் -1200000, C7 முதல் F7 வரை 330000, G7-இல் 442500 என்று இட்டு, இப்படி எழுதுங்கள்:

```
=B7+NPV(12%,C7:G7)
```

திரையில் 53,412 வரும். கையால் போட்ட 53,417-உடன் உள்ள வேறுபாடு காரணிகளை நான்கு தசமத்தோடு நிறுத்தியதால் வந்தது. `=NPV(12%,B7:G7)` என்று எழுதினால் 47,689 வரும். எல்லாமே ஒரு வருஷம் தள்ளிப்போய் 1.12-ஆல் வகுபட்டுவிட்டது. பிளஸ், மைனஸ் குறி மாறாது என்பதால் இந்தப் பிழை கண்ணில் படாமல் வருஷக்கணக்கில் ஒரே தாளில் இருந்துகொண்டே இருக்கும். இரண்டு இயந்திரங்களை ஒப்பிடும்போதும் இரண்டும் ஒரே அளவு சுருங்கும். ஆனால் ஒன்றை இந்தத் தாளிலும் இன்னொன்றைச் சரியான தாளிலும் போட்டால் முடிவே புரண்டுவிடலாம்.

அடுத்து, 53,417 என்ற பிளஸை நம்பி வாங்கலாமா என்ற கேள்வி. ஆண்டு மிச்சம் ஒரு ரூபாய் குறைந்தால் தற்போதைய மதிப்பு 0.75 × 3.6048, அதாவது சுமார் 2.70 ரூபாய் குறையும். 53,417-ஐ 2.7036-ஆல் வகுத்தால் 19,758. மிச்சம் 3,60,000-க்குப் பதில் சுமார் 3,40,000 ஆனாலே பிளஸ் கரைந்துவிடும். இது ஐந்தரை சதவீதம்தான். தள்ளுபடி விகிதத்தை 14 ஆக்கிப் பார்த்தால் சுமார் 8,650 மைனஸ். குறைந்துசெல் முறை கிடைத்தால் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே 3.6 லட்சம் எப்படி வந்தது என்பதைத்தான் இப்போது நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியே கொடுத்ததால் இதுவரை ஆன செலவில், இயந்திரம் வந்த பிறகு உண்மையிலேயே நின்றுபோகும் தொகை மட்டும்தான் மிச்சம். இயந்திரத்தை ஓட்ட ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கும் ஆளையே நிறுத்துகிறீர்கள் என்றால் அவர் சம்பளத்தை இந்தத் திட்டத்தின் செலவாக ஏற்ற வேண்டாம். புது ஆள் எடுத்தால் முழுசாக ஏற்றுங்கள். கட்டட வாடகையில் ஒரு பங்கை இதன் தலையில் போடுவதும் வேண்டாம், இயந்திரம் வராவிட்டாலும் அந்த வாடகை போகத்தான் போகிறது. மாறாக, பழுது பார்க்கும் நாட்களில் வேலையை மறுபடி வெளியே கொடுக்க நேரும். அந்தத் தொகை உங்கள் 3.6 லட்சத்தில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மதிப்பீடுகளில் அது இருப்பதில்லை.

உதிரிபாகங்களையும் மூலப்பொருளையும் கூடுதலாக இருப்பு வைக்க வேண்டியிருந்தால் அதுவும் இன்றைய செலவு. 50,000 இருப்பு வைத்து, 5 வருஷம் கழித்து அதே தொகையை மீட்டாலும், இன்றைக்கு அதன் மதிப்பு 28,370 மட்டுமே. 21,630 பிளஸிலிருந்து போய்விடும், நேர்கோட்டுக் கணக்கில் மிஞ்சுவது 31,787. இருப்புக்குத் தேய்மானம் கிடையாது. அதை 12 லட்சத்தோடு சேர்த்துத் தேய்மானம் போட்டுவிடாதீர்கள்.

விலைவாசியைப் பற்றியும் ஒரு சொல். வங்கி வட்டியிலும் உங்கள் எதிர்பார்ப்பிலும் விலைவாசி உயர்வு உள்ளடங்கியிருப்பதால் 12 சதவீதம் என்பது விலைவாசியைச் சேர்த்த விகிதம். அப்படியானால் வருஷ மிச்சத்தையும் எதிர்கால விலையில்தான் எழுத வேண்டும். வெளியே கொடுக்கும் வேலையின் கட்டணம் வருஷா வருஷம் ஏறும் என்றால் மிச்சமும் ஏறும், ஆள் கூலியும் மின்சாரமும் ஏறினால் அந்தப் பக்கம் குறையும். இரண்டையும் தனித்தனியாக ஏற்றிப் பாருங்கள். தேய்மானம் மட்டும் ஏறாது. அது நீங்கள் கொடுத்த 12 லட்சத்தின் மீதே கடைசிவரை நிற்கும். மொத்த வருஷ வரவு 3,30,000-ஐ அப்படியே 5 சதவீதம் ஏற்றினால் அதற்குள் இருக்கும் 60,000-உம் சேர்ந்து ஏறிவிடும். 2,70,000-ஐ மட்டுமே ஏற்ற வேண்டும்.

விற்பவரிடம் அவர் தாளின் எக்செல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். தேய்மானம் எந்த வரிசையில் கூட்டப்படுகிறது, அதற்கு மேல் உள்ள வரிசையில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். உங்கள் தாளில் 90,000 இருக்கும் இடங்களில் 3,30,000 இட்டு, கடைசி வருஷத்தில் 1,12,500 கூட்டி, 3.4 லட்சம் மிச்சத்துக்கும் 14 சதவீத விகிதத்துக்கும் தனித்தனியாக ஒரு தடவை போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.